வெள்ளச் சுற்றறிக்கையின் முதல் வரி எது?

ஆற்றங்கரைக் கிராமத்துக்கு இப்படி ஒரு சுற்றறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'ஏரியிலிருந்து வெள்ளி நள்ளிரவு 12 மணிக்கு 5,000 கன அடி உபரி நீர் திறக்கப்படுவதால், வெள்ளம் வந்தால் மெயின் சுவிட்சை அணைத்து, ஆவணங்களுடன் முகாமுக்குச் செல்ல அறிவுறுத்தப்படுகிறது.'

வெள்ளி நள்ளிரவு என்பது வியாழன் இரவா, வெள்ளி இரவா? தவறாகப் புரிந்துகொண்டால் ஒரு நாள் போய்விடும். கன அடியை வைத்து, தன் தெருவுக்குத் தண்ணீர் வருமா என்று யாரும் கணக்கிட முடியாது. 'வெள்ளம் வந்தால்' என்ற சொல்லை நம்பிக் காத்திருப்பவர், தண்ணீரில் நின்றபடி சுவிட்சைத் தொடுவார். உயிரே போகலாம்.

திறப்பது வியாழன் இரவு என்றால், அவசர வரிசையில் இப்படி எழுதலாம்:

1. ஆற்றங்கரைத் தெருக்களில் இருப்பவர்கள் வியாழன் இரவு 8 மணிக்குள் அரசுப் பள்ளி முகாமுக்குச் சென்றுவிடுங்கள்.

2. கிளம்பும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டால் அதைத் தொடாதீர்கள்.

3. மருந்து, ரேஷன் கார்டு, ஆதாரை பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை: 1077.

கன அடி விவரம் இதற்குக் கீழே வரட்டும்.

அனுப்பும் முன், ஊர்க்காரர் இருவரிடம் தனித்தனியே படிக்கக் கொடுத்து, 'முதலில் என்ன செய்வீர்கள்? எத்தனை மணிக்குள்?' என்று கேட்க வேண்டும். இருவரின் பதிலும் வேறுபட்டால், திருத்த வேண்டியது அந்த வரியைத்தான்.