தவில்காரர் மீதும் குறை இல்லை, கம்பியூட்டர் மீதும் குறை இல்லை



கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. கும்பாபிஷேகக் காணொளியில் மணி அடிப்பது ஒரு நேரம், சத்தம் கேட்பது ஒரு நேரம் என்று வாட்சாப் குழுவில் ஒரு வாரமாகப் பேச்சு ஓடுது. தவில்காரர் தாளம் விட்டுட்டார் என்கிறார் ஒருவர். எடிட் செய்த தம்பிக்கு வேலை தெரியல என்கிறார் இன்னொருவர். புது கம்பியூட்டர் வாங்கணும், அதற்கு உபயகாரர் தேடணும் என்று செயலவைக் கூட்டத்துக்கே விஷயம் போகப் போகுது. ஒளிப்பதிவுத் தொண்டில் இருக்கிற நாங்கள் சொல்கிறோம்: மூன்றுமே தப்பு. பக்தர்கள் கொடுத்த காசில் புது கம்பியூட்டர் வாங்கி, அதில் இதே ஃபைலைப் போட்டாலும் இதே கோளாறுதான் வரும். கோளாறு ஃபைலுக்குள் இருக்குது.

கைப்பேசியில் 30 என்று வைத்துப் படம் பிடிக்கிறோம். ஒரு விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம் என்று அர்த்தம். ஆனால் கைப்பேசி அந்தக் கணக்கைக் கண்டிப்பாகப் பிடிக்கிறதில்லை. கருவறையில் விளக்கை அணைத்து தீபாராதனை காட்டும்போது வெளிச்சம் போதாது. அப்போது ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, விநாடிக்கு 30 எடுக்க வேண்டிய இடத்தில் 29, 27, சில கைப்பேசியில் 24 என்று இறங்கிவிடும். வெயிலில் ரொம்ப நேரம் ஓடிச் சூடானாலும் இப்படி நடக்கும். இதைத்தான் வேரியபிள் ஃபிரேம் ரேட் என்கிறார்கள். சத்தம் மட்டும் அப்படி இல்லை. அது வெளிச்சத்தைப் பார்க்காது, சூட்டைப் பார்க்காது, ஒரே சீராகப் பதிவாகிக்கொண்டே இருக்கும்.

அப்படின்னா கைப்பேசியில் பார்க்கும்போது ஏன் சரியா இருக்குது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு ஃபிரேமிலும் அது எந்த நேரத்தில் வரணும் என்ற முத்திரை இருக்குது. கைப்பேசி அந்த முத்திரையைப் பார்த்துப் பார்த்துக் காட்டுது. பல எடிட்டிங் செயலிகள் முத்திரையைச் சரியாகப் பார்க்காமல், எல்லா ஃபிரேமும் சம இடைவெளியில் வந்தவை என்று எடுத்துக்கொள்ளும். தொழிற்சாலையில் கன்வேயரில் பெட்டிகள் முன்னே பின்னே இடைவெளி விட்டு வருது, ஒவ்வொன்றிலும் நேரம் ஒட்டியிருக்குது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முனையில் நிற்கிற ஆள் அந்தச் சீட்டைப் படிக்காமல் ஒரே இடைவெளியில் அடுக்கினால் என்ன ஆகும்? வரிசை பார்க்க அழகா இருக்கும், நேரம் பொய்யாகிவிடும்.

கணக்காகவே பார்ப்போம். 20 நிமிடக் காணொளி ஒன்று, அதாவது 1,200 விநாடி. 30 வீதம் 36,000 ஃபிரேம் இருக்கணும். இருட்டான கருவறையில் எடுத்த முதல் 6 நிமிடத்தில் 120 ஃபிரேம் குறைந்துபோய், மொத்தம் 35,880 தான் இருக்குது. செயலி இதை 30 வீதம் அடுக்கினால் 1,196 விநாடியில் படம் முடிந்துவிடும். சத்தம் மட்டும் 1,200 விநாடி ஓடும். ஆக, படம் 4 விநாடி முந்திக்கொள்ளும். ஐயர் மணியை அடித்துக் கீழே வைத்த பிறகுதான் மணிச் சத்தம் வரும். தவில்காரர் கை ஓய்ந்த பிறகும் தவில் முழங்கும். இதில் அவர் என்ன தப்பு செய்தார்?

சில செயலிகள் சத்தத்தைக் காப்பாற்ற, குறைகிற இடத்தில் ஒரே ஃபிரேமை இரண்டு முறை காட்டும், நெருங்கி வருகிற இடத்தில் ஒன்றை விட்டுவிடும். அது சரியாகச் செய்யப்படாதபோதுதான் சாமி புறப்பாட்டில் படம் விக்கி விக்கி நடக்குது.

"சத்தத்தை 4 விநாடி இழுத்து விட்டால் போச்சு" என்கிறவர்களுக்கு எங்கள் பதில் இது. அந்த 4 விநாடி 20 நிமிடத்திலும் சமமாகச் சேரவில்லை. முதல் 6 நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அதற்குப் பிறகு அப்படியே நிற்குது. முழு சத்தத்தையும் ஒரே அளவில் சுருக்கினால் கடைசியில் பொருந்தும், நடுவில் பொருந்தாது. துண்டு துண்டாக வெட்டி ஒட்டினால் நாதஸ்வரம் நடுவில் அறுந்து கேட்கும். பாவம், அந்தத் தம்பி மூன்று இரவு உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

சரியான வழி, எடிட் செய்வதற்கு முன்பே ஃபைலை மாற்றுவது. முதலில் MediaInfo என்ற இலவசச் செயலியில் ஃபைலைத் திறந்து பாருங்கள். Frame rate mode என்ற இடத்தில் Variable என்று இருந்தால் மாற்றணும். பிறகு HandBrake, அதுவும் இலவசம்தான். அதில் Video பகுதிக்குப் போய் Framerate என்ற இடத்தில் 30 வையுங்கள். Same as source என்று விடாதீர்கள். அதற்குக் கீழே Constant Framerate என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். தயாராக இருக்கிற Fast 1080p30 அமைப்பை அழுத்தினால் Peak Framerate என்று நிற்கும். அது 30-க்கு மேல் போகாது என்றுதான் சொல்லுது, 30-லேயே நிற்கும் என்று சொல்லவில்லை. தரத்துக்கு RF 18 அல்லது 20 போதும்.

கட்டளை எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரே வரி:

```
ffmpeg -i kovil.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 256k kovil_30.mp4
```

இரண்டு வழியிலும் நடப்பது ஒன்றுதான். நேர முத்திரையைப் படித்து, ஃபிரேம் குறைகிற இடத்தில் முன் ஃபிரேமையே திரும்ப வைத்து, 36,000 ஃபிரேமாகச் சீராக்குது. முடிந்ததும் மறுபடி MediaInfo-வில் Constant என்று வருதா பாருங்கள். எடிட்டிங் செயலியில் போட்டு ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் மணி அடிக்கும் கணத்தைப் பாருங்கள். மூன்றும் பொருந்தினால் வேலையை ஆரம்பிக்கலாம். அசல் ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இது எல்லா நோய்க்கும் மருந்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். கைப்பேசி எடுக்காமல் விட்ட படத்தை யாராலும் உண்டாக்க முடியாது. இருட்டில் எடுத்த இடத்தில் அசைவு கொஞ்சம் தட்டும், சத்தம் மட்டும் சரியாக நிற்கும். இன்னொன்று, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவு வித்தியாசம் இருந்தால் அது இந்தக் கோளாறு இல்லை. ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மேளத்திலிருந்து 34 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் சத்தம் 3 ஃபிரேம் தாமதமாகத்தான் வரும். அங்கே மட்டும் சத்தத்தை நகர்த்தினால் போதும். போகப் போக வித்தியாசம் கூடுதா, அப்படியே நிற்குதா என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

"இப்போ வருகிற செயலியே எல்லாத்தையும் பார்த்துக்கும்" என்று சிலர் சொல்வது பாதி உண்மை. சில செயலிகள் இந்த ஃபைலைச் சமாளிக்குது. ஆனால் நம் திருவிழாவை நாலு பேர் நாலு கைப்பேசியில் எடுக்கிறார்கள், ஆளுக்கொரு செயலியில் வெட்டுகிறார்கள். ஒரு இடத்தில் சரியாக நின்றது அடுத்த இடத்தில் நழுவும். முதலிலேயே மாற்றிக் கொடுத்தால் யார் எதில் திறந்தாலும் ஒன்றுதான்.

ஆகவே எங்கள் வேண்டுகோள். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் அமைப்பில் கேமரா பகுதிக்குப் போய் Auto FPS என்பதை அணைத்துவிட்டு எடுங்கள், குறை வெகுவாகக் குறையும். எடுத்ததை வாட்சாப்பில் காணொளியாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கித் தரத்தைக் கெடுத்துவிடும், பிறகு மாற்றினாலும் போன தரம் திரும்பாது. அசல் ஃபைலைக் கேபிளிலோ பென்டிரைவிலோ கொண்டுவந்து கொடுங்கள். செயலவைக்கு எங்கள் கருத்து இதுதான்: புது கம்பியூட்டர் தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள். இந்த ஃபைலை மாற்றி மறுபடி எடிட் செய்து பார்த்த பிறகும் கோளாறு இருந்தால் அப்போது பேசுவோம். அதுவரை தவில்காரரையும் அந்தத் தம்பியையும் குழுவில் ஏசுவதை நிறுத்திக்கொள்ளுங்கள்.


ஆலய ஒளிப்பதிவுத் தொண்டர்கள்