நாளுக்கு ஒரு வரிசைப் புல்

உச்சிப்புளி மணற்பாங்கில் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல் போட்டும் தீவனம் போதவில்லை என்று சொல்வோர் உண்டு. குறை புல்லில் இல்லை. நடுவதையும் அறுப்பதையும் ஒரேயடியாகச் செய்வதில்தான் என்பது என் கருத்து.

ஒரு கறவை மாட்டிற்கு நாளொன்றுக்கு 25 கிலோ பசும்புல் தேவை. பதினைந்து சென்டில் 45 வரிசை, வரிசைக்கு 45 கரணை நடலாம். இடைவெளி 60-க்கு 50 சென்டிமீட்டர். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2012-ல் வெளியிட்ட கோ 5 ரகம் ஏக்கருக்கு ஆண்டில் சுமார் 145 டன் தரவல்லது. நம் மணலில் அதில் பாதியே கிடைத்தாலும் நாளுக்கு 30 கிலோ தேறும்.

நாளுக்கு ஒரு வரிசையாகவே நடுங்கள். முதல் வரிசையை 75-ஆம் நாள் அறுத்து, பிறகு நாளுக்கு ஒன்றாக அறுத்துவந்தால், 46-ஆம் நாள் முதல் வரிசை மீண்டும் தயாராயிருக்கும். தரையிலிருந்து நான்கு விரல் விட்டு அறுக்க வேண்டும். அறுத்த வரிசைக்கு 200 கிராம் யூரியா இட்டு நீர் பாய்ச்சுக. மாடு இலையைத் தின்று தண்டைத் தள்ளினால் புல் முற்றிவிட்டது என்று பொருள்.

புல்லை மட்டுமே போடாமல், நான்கில் ஒரு பங்கு வேலிமசால் அல்லது அகத்தி சேர்க்கவும்.

நடுமுன் கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பாத்தியில் வெள்ளை பூத்து இலைநுனி கருகினால் உப்பு மிஞ்சிவிட்டது. அங்கு இப்புல் நிலைக்காது.