காசைக் கடிதத்தில் காட்டுவது எப்படி?

வீரமுனையிலிருந்து அன்பரொருவர் எழுதியிருக்கிறார். பாட்டியாரின் பெட்டகத்தில் செப்புக் காசொன்று இருந்ததாம். ஒருபுறம் நிற்கும் மனிதன். மறுபுறம் படுத்திருக்கும் காளை. அதன்கீழ் 'சேது' என்னும் எழுத்து. இவ்விவரத்தைக் கல்முனையிலுள்ள நாணயச் சேகரிப்பாளருக்கு எழுதியபோது, "போலியாக இருக்கலாம்" என்று மறுமொழி வந்ததாம். காரணம் யாதென வினவுகிறார்.

அன்பரே, முதலில் ஐயுற வேண்டியது காசையன்று, கடிதத்தையே. காளையும் 'சேது' மொழியும் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளுக்கு அடையாளம். அவ்வரசு 1619ஆம் ஆண்டில் போர்த்துக்கீசரிடம் வீழ்ந்தது. அந்நாளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பு ஒன்றே. நாமெழுதும் சுழித்த கொம்போ 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால் வந்தது. ஆகவே பழங்காசில் 'செது' என்றே கண்ணுக்குத் தோன்றும். தாங்கள் கண்டதை எழுதாமல், வாசித்ததை எழுதிவிட்டீர்கள் போலும்! சுழிக்கொம்பைக் கண்ட சேகரிப்பாளர் ஐயுற்றதில் வியப்பில்லை.

இனி எழுதுங்கால், எழுத்தை உள்ளவாறே வரைந்து காட்டுங்கள். தெரியாத எழுத்தை ஊகத்தால் நிரப்பாமல் புள்ளியிட்டு விடுங்கள். அது ஏன் தெரியவில்லை என்பதையும் கூறுங்கள். தேய்ந்த காசில் மேடான பகுதிகள், அதாவது காளையின் திமிலும் மனிதனின் மார்பும், முதலில் வழவழத்துப் போகும். முத்திரை விலகி அடித்த காசிலோ நடுவுருவம் கூர்மையாயிருக்க, ஓரத்து எழுத்து மட்டும் விளிம்போடு அறுபட்டிருக்கும். இரண்டும் வெவ்வேறு குறைகள், மதிப்பும் வெவ்வேறு.

கையால் அடித்த காசு சரிவட்டமாயிராது. ஆதலால் அகன்ற இடம், குறுகிய இடம் இரண்டையும் மில்லிமீற்றரில் அளந்திடுக. எடையைப் பொற்கொல்லர் தராசில் கிராமிற் காண்க. உலோகத்தை அறியப் புளியிட்டுத் தேய்க்க வேண்டா. பச்சைப்பாசி போன்ற களிம்பும் காசின் சான்றே. அது போனால் மீளாது. நிறத்தையும், காந்தத்தில் ஒட்டுகிறதா என்பதையும் எழுதினாற் போதும்.

இவ்வாறு ஒரு மாதிரி: "செம்பு போலும், கருமைமேற் பச்சைக் களிம்பு, காந்தத்தில் ஒட்டவில்லை. 18க்கு 19 மில்லிமீற்றர், 3.8 கிராம். முன்புறம் நிற்கும் உருவம், முகம் தேய்ந்தது. பின்புறம் படுத்த காளை, திமில் வழவழப்பு. கீழே சுழியில்லாக் கொம்பு, ச. அடுத்த எழுத்தின் பாதி விளிம்புக்கு வெளியே."

இன்னுமொன்று. விளிம்பைச் சுற்றி மெல்லிய தழும்புக்கோடு ஓடுகிறதா, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் உளவா என்றும் பார்த்தெழுதுங்கள். அவை வார்த்தெடுத்த போலியின் அடையாளமாகலாம். முடிவான தீர்ப்பு காசைக் கையிலெடுத்துப் பார்ப்பவர்க்கே உரியது. ஆயினும் இத்தகைய கடிதம் கண்டால், பார்க்க வேண்டுமென்ற விருப்பமாவது அவருக்கு எழும்.