காது அளக்காமல் கயிறு வாங்காதே!



மலரின் ஆசிரியர் குழு என்னிடம் கட்டுரை கேட்டபோது, "ஏதாவது சமுதாயச் சிந்தனையோட எழுதுப்பா" என்றார்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கை தானாக இடது மணிக்கட்டைத் தடவியது. அங்கே கட்டியிருக்கும் என் தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதா வாட்ச், "முதல்ல என் கதைய எழுதுடா" என்று டிக் டிக் என்றது. ஆகவே இந்த வருடம் சமுதாயம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. ஆக, என் கையில் இருப்பது இனி கம்பெனியிலிருந்து உதிரிபாகம் வராத ஒரு பொருள். தினமும் காலையில் சாவி கொடுத்தால் ஓடும். ஹார்பரில் வேலை பார்த்த தாத்தா இதைப் பார்த்துத்தான் ஷிஃப்டுக்குக் கிளம்புவார். அவர் போன பிறகு பாட்டி இதை என் கையில் கட்டிவிட்டபோது, "ஜாக்கிரதையா வச்சுக்கோ"ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க.

அந்த வாட்சை நான் கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் படிக்கட்டில் கீழே போட்டேன். காரணம், இரண்டு மில்லிமீட்டர்!

நடந்தது இதுதான். பழைய தோல் ஸ்ட்ராப் வியர்வையில் ஊறி வெடித்துவிட்டது. நம்ம ஏரியாவில் கடல் காற்றும் புழுக்கமும் சேர்ந்தால் தோல் எத்தனை நாள் தாங்கும்? போனில் பார்த்து ஒரு குவிக் ரிலீஸ் ஸ்ட்ராப் ஆர்டர் போட்டேன். பின்னின் மேல் ஒரு சின்ன குமிழ் இருக்கும், அதை நகத்தால் தள்ளினால் பின் சுருங்கும், விட்டால் விரியும். டூல் வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம். ஆனால் எந்த சைஸ் என்று கேட்டது. பழைய ஸ்ட்ராப்பின் மேல் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்தேன். 16 வந்தது. 16 போட்டேன்.

எங்கே வைத்து அளந்தேன் தெரியுமா? பக்கிள் பக்கம்! பல ஸ்ட்ராப்புகள் வாட்ச் பக்கம் அகலமாகத் தொடங்கி பக்கிள் பக்கம் குறுகிவிடும். தலையில் 18 இருக்கும், வாலில் 16 இருக்கும். நான் வாலை அளந்து தலைக்கு வாங்கினேன்.

புது ஸ்ட்ராப்பை மாட்டியபோது "கிளிக்" என்று சத்தமும் வந்தது. இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தது. பக்கத்தில் இருந்த நண்பன், "அட்ஜஸ்ட் ஆயிடும் மச்சி" என்றான். இரண்டு நாள் ஆச்சு. மூன்றாம் நாள் காலையில் ரயிலைப் பிடிக்க ஓடும்போது கையில் ஸ்ட்ராப் மட்டும் தொங்கியது, வாட்ச் படிக்கட்டில் உருண்டது. பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முறிந்துவிட்டது. பழுது பார்த்த பெரியவர் வேறொரு செத்த ஜனதாவிலிருந்து அதே பாகத்தை எடுத்துப் போட்டுத்தான் உயிர் கொடுத்தார்.

கேவலம் என்னவென்றால், அந்த வாரம்தான் அளவியல் லேபில் வெர்னியர் ரெக்கார்டு எழுதி கையெழுத்து வாங்கியிருந்தேன்!

சரி, ஏன் விழுந்தது? வாட்சைக் கழற்றி லேபுக்கே எடுத்துப் போனேன். "இன்னாடா, வாட்ச் ரிப்பேர் கடையா இது?" என்றார் சார். விஷயத்தைச் சொன்னதும் அவரே வெர்னியரை எடுத்துக் கொடுத்தார்.

வாட்சின் உடம்பிலிருந்து மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளுக்கு லக் என்று பெயர். நாம் காது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு காதுகளின் உள்முகங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் ஸ்ட்ராப்பின் சைஸ். டயலின் அகலமும் அதற்குக் கணக்கில்லை, காதுகளின் வெளிப்பக்கமும் கணக்கில்லை. பெரும்பாலும் இது 18, 20, 22 என்று வரும். 16, 19, 21, 24-ம் உண்டு.

ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு, வாட்சை டயல் கீழே இருக்கும்படி மெத்தென்ற துணியில் வைத்தேன். வெர்னியரை மூடி ஜீரோ எரர் பார்த்தேன். பிறகு மேலே இருக்கும் சின்னத் தாடைகளைக் காதுகளுக்கு நடுவில், பின் உட்காரும் குழிக்கு நேராக, ஆனால் குழிக்குள் விழாமல் வைத்து மெல்ல விரித்தேன். இங்கே ஒரு இடம் கவனிக்கணும். துளையின் விட்டத்தை அளக்கும்போது குறுக்காக ஆட்டிப் பார்த்து அதிகபட்ச ரீடிங்கை எடுக்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இது துளை இல்லை, எதிரெதிர் நிற்கும் இரண்டு சுவர்கள். வெர்னியர் சாய்ந்தால் ரீடிங் கூடும். அதனால் லேசாக ஆட்டிப் பார்த்து மிகக் குறைந்த ரீடிங்கை எடுக்க வேண்டும். எனக்கு மேல் காதுகளில் 18.06, கீழ்க் காதுகளில் 18.10 வந்தது. இது 18 மில்லிமீட்டர் வாட்ச். சந்தேகமே இல்லை.

அடுத்து ஸ்ட்ராப்போடு வந்த பின்னை அளந்தேன். சுருங்காமல் நுனியிலிருந்து நுனி வரை 18.70. கணக்குப் போடுங்கள். 18.70-லிருந்து 18.06 போனால் மீதி 0.64. இரண்டு பக்கத்துக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு 0.32 மில்லிமீட்டர். அதாவது தாத்தாவின் வாட்ச் இரண்டு நாளாக என் கையில் தொங்கியது மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நுனியில்! அதுவும் ஸ்பிரிங் முழுசாக விரிந்து, தள்ளும் சக்தி எதுவும் மிச்சமில்லாத நிலையில். ஓடும்போது ஸ்ட்ராப் ஒரு பக்கம் நகர்ந்தால் எதிர்ப்பக்க நுனி வெளியே வந்துவிடும். அதுதான் நடந்தது.

பிறகு வாங்கிய 18 சைஸ் ஸ்ட்ராப்பின் பின் 20.80 இருந்தது. அதே கணக்கில் பக்கத்துக்கு 1.37. குழியின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு நுனி உள்ளே போகும். மீதி, ஸ்பிரிங்கின் அழுத்தமாக நின்று பிடித்துக்கொள்ளும். அதுதான் பிடிப்பு.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். "இதுக்கெல்லாமா வெர்னியர்? தெரு முனை வாட்ச் கடைக்காரர் அளந்தா மாட்டினார்?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர் அளந்தார் நண்பர்களே, நமக்குத்தான் தெரியவில்லை. அவரிடம் ஒரு டப்பா நிறைய விதவிதமான நீளத்தில் பின் இருக்கும். ஒன்றை எடுத்துக் காதுகளுக்கு நடுவில் வைத்துப் பார்ப்பார், கீழே போடுவார், இன்னொன்றை எடுப்பார். அதுதான் அவருடைய வெர்னியர். 18 வாட்சுக்கு 16 ஸ்ட்ராப்தான் இருக்கிறது என்றால்கூட 18 பின்னைக் கோத்து மாட்டுவார். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் வாட்ச் விழாது. குவிக் ரிலீஸில் பின்னும் ஸ்ட்ராப்பும் ஒன்றாகவே வருகின்றன. ஸ்ட்ராப் சைஸ் தப்பினால் பின் சைஸும் தப்பு. டூலை மிச்சப்படுத்தியவன் அந்தப் பெரியவரின் விரல்களையும் சேர்த்து நீக்கிவிட்டான். அந்த விரல்களின் வேலையை இனி நாம்தான் செய்ய வேண்டும்.

வெர்னியர் இல்லையா? ஒரு விசிட்டிங் கார்டு போதும். பட்டையாக வெட்டி, காதுகளுக்கு நடுவில் வளையாமலும் ஆடாமலும் சரியாக நுழையும் வரை ஓரத்தைச் சீவுங்கள். பிறகு அந்தப் பட்டையை ஸ்கேலில் அளங்கள். ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கும், அதனால் 1 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்குங்கள். 18-க்கும் 20-க்கும் வித்தியாசம் தெரிய இது தாராளம்.

அளவு 19 வந்தால்? 19-யே தேடுங்கள். சாதாரணப் பின்னாக இருந்தால் 18 ஸ்ட்ராப்பில் 19 பின் போட்டுச் சமாளிக்கலாம், குவிக் ரிலீஸில் அந்த வழி இல்லை. பெரிய சைஸை அமுக்கித் திணிக்கவும் கூடாது. என் வகுப்புத் தோழன் 18 காதில் 20-ஐத் திணித்தான். ஸ்ட்ராப் உப்பிக்கொண்டு நின்றது. குமிழ் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. நுனி குழிக்குள் போகாமல் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தது. குமிழ் திரும்பாவிட்டால் பின் உட்காரவில்லை என்று அர்த்தம்.

அளவு சரியாக இருந்தும் பொருந்தாத வாட்சுகள் உண்டு. சிலவற்றில் காதுகளுக்கு நடுவில் கேஸே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஏற்றபடி வெட்டிய ஸ்ட்ராப்தான் போகும். சிலவற்றில் பின்னுக்குப் பதில் நிரந்தரக் கம்பி இருக்கும். அதில் ஒரே நீளமாக வரும் நைலான் பட்டையைக் கோக்கலாமே தவிர குவிக் ரிலீஸுக்கு வேலையில்லை. பழைய வாட்சுகளில் குழி, கேஸுக்கு மிக அருகில் இருக்கலாம். அப்போது தடித்த ஸ்ட்ராப் கேஸில் முட்டித் திரும்பாமல் நிற்கும். அதற்கு மெல்லிய ஸ்ட்ராப் வேண்டும்.

மாட்டிய பிறகு கட்டிலின் மேல் வைத்துச் சோதனை செய்யுங்கள், தரையில் வேண்டாம். ஸ்ட்ராப்பை இடமும் வலமும் தள்ளுங்கள். பிறகு வாட்சைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராப்பை நிதானமாக இழுங்கள். "கிளிக்" சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், எனக்கும் அது கேட்டது! வாரம் ஒரு முறை கழற்றி நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் பின்னைத் துடையுங்கள். நம் ஊர் உப்பும் வியர்வையும் அந்தச் சின்னக் குழாய்க்குள் புகுந்தால் ஸ்பிரிங் துருப்பிடித்து விரியாமல் போகும். டூல் இல்லாமல் கழற்றலாம் என்பதன் உண்மையான பயன், என்னைக் கேட்டால், இந்தத் துடைப்புதான். தினம் ஒரு கலர் மாற்றுவதெல்லாம் இரண்டாம்பட்சம்.

வாட்ச் திரும்ப ஓடத் தொடங்கிய அன்று பாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "உங்க தாத்தா இன்னாத்த வாங்கினாலும் ஜாணு போட்டுப் பாத்துட்டுத்தாண்டா வாங்குவாரு" என்றார்கள், அவ்வளவுதான். சாரின் திட்டைவிட அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

வெர்னியரை லேபில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வரும்போது, அளக்கும் புத்தியையும் சேர்த்துப் பூட்டிவிட்டு வராதீர்கள்.

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்,
கொருக்குப்பேட்டை