ஞாபக சக்திக்கு டானிக் எழுதித் தர மாட்டேன். காரணம் இதோ.

1/ பொங்கல் முடிஞ்சு பொதுத்தேர்வு நெருங்கினா எங்க ஓ.பி.யில ஒரு தனிக் கூட்டம் வரும். காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. "படிக்கிறதெல்லாம் மறந்துபோயிடுது டாக்டர், ஞாபக சக்திக்கு ஒரு டானிக் எழுதிக் குடுங்க." இதைப் பத்தி கொஞ்சம் கோபமாவே ஒரு இழை.

2/ போன வாரம் ஒரத்தநாடு பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா, சம்பா அறுப்பு வேலையை ஒருநாள் விட்டுட்டு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. பத்தாவது. ரத்த ஓட்டப் பாடத்துல 20க்கு 4 மார்க். "இவனுக்கு மண்டையில எதுவும் நிக்காது, டாக்டர்ட்ட காட்டுங்க"ன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. பையன் தலையே நிமிரல.

3/ பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். கண் பார்வை, காது, ரத்தசோகை, தைராய்டு, தூக்கம், நடுவுல சில நொடி வெறிச்சுப் பார்க்குற மாதிரி வலிப்பு. இதுல எது இருந்தாலும் படிப்பு பாதிக்கும், அதுக்கு வைத்தியமும் இருக்கு. இவனுக்கு எதுவும் இல்ல.

4/ சும்மா பேச்சுக் குடுத்தேன். "தம்பி, உங்க வயலுக்குத் தண்ணி எப்படி வருது?" மேட்டூர், முக்கொம்பு, கல்லணை, புது ஆறு, கிளை வாய்க்கால், மதகு, மடைன்னு நிக்காம சொன்னான். முறை வச்சா யாருக்கு முதல்ல தண்ணி, எந்த ஊர் கடைமடைன்னும் சொன்னான். இவனுக்கா ஞாபக சக்தி இல்ல?

5/ அப்போ பாடம் மட்டும் ஏன் நிக்கல? 1968ல அட்கின்சன், ஷிஃப்ரின்னு ரெண்டு பேர் ஒரு மாதிரி வரைஞ்சாங்க. தகவல் மூணு கட்டமா போகுது. முதல்ல புலன்: கண்ணுல பட்டது ஒரு நொடிக்குள்ள மங்கிடும். கவனிச்சது மட்டும் குறுகிய கால நினைவுக்குப் போகும். அங்கேர்ந்து பதிஞ்சது மட்டும் நீண்ட கால நினைவுக்குப் போகும்.

6/ சிக்கல் நடுக் கட்டத்துல. அதுல ஒரே நேரத்துல சுமார் 4 புது விஷயம்தான் நிக்கும். அதுவும் மனசுக்குள்ள திருப்பிச் சொல்லிட்டே இருந்தாத்தான். 1959ல பீட்டர்சன் தம்பதி வெறும் 3 எழுத்தைக் குடுத்து, திருப்பிச் சொல்ல விடாம மும்மூணா பின்னோக்கி எண்ணச் சொன்னாங்க. 18 நொடியில பெரும்பாலும் மறந்துபோச்சு. அவங்க எல்லாம் நல்லா இருக்குற காலேஜ் பசங்க.

7/ இப்போ அந்த ரத்த ஓட்ட வகுப்பு. பையன் நோட்டைப் பார்த்தேன். ஒரே பீரியட்ல மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை, வலது ஏட்ரியம், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல் சிரை, இடது ஏட்ரியம், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி, அரைச்சந்திர வால்வு. 12 புதுப் பேர், நடுவுல நிறுத்தமே இல்ல. அஞ்சாவது பேர் வரும்போது முதல் பேர் வெளியே போயிருக்கும்.

8/ டெல்டாக்காரனுக்கு இது புரியாதா? மேட்டூர்ல எவ்வளவு திறந்தா என்ன, மடை வாங்குறதுதான் வயலுக்கு. மிச்சம் கொள்ளிடம் வழியா கடலுக்குப் போகும். கடலுக்குப் போன தண்ணியையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி "போர்ஷன் முடிச்சாச்சு"ன்னு எழுதுறோம். வயல் காயுது. பழி வயல் மேல.

9/ அடுத்தது "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்!" அந்தப் பதில் பொய் இல்ல. அந்த நிமிஷம் குறுகிய கால நினைவுல இருக்கு, அதைப் பார்த்துத்தான் சொல்றாங்க. பதிஞ்சுதான்னு அந்தக் கேள்வியால கண்டுபிடிக்கவே முடியாது.

10/ மறதி எங்க நடக்குதுன்னு வீட்டுலயே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.
சொன்ன உடனே கேட்டாலும் தெரியலையா? உள்ளேயே போகல. கண், காது, கவனம் பாருங்க.
உடனே சொல்றான், அரை மணி நேரத்துல சுத்தமா இல்லையா? பதியல. வேகம் அதிகம்.
முதல் எழுத்தைச் சொன்னதும் பளிச்சுன்னு வருதா? பதிஞ்சிருக்கு, எடுத்துப் பழக்கம் இல்ல.
மூணுக்கும் வைத்தியம் வேற வேற. டானிக் எதுக்குமே இல்ல.

11/ அதே 40 நிமிஷத்துல எப்படி நடத்தலாம்? ஓ.பி. சீட்டுப் பின்னாடி அவனுக்கு வரைஞ்சு காட்டினேன். முதல்ல வலது பக்கம் மட்டும்: உடம்புலேர்ந்து வர்ற ரத்தம், மேல் அறை, கீழ் அறை, நுரையீரல். நாலே விஷயம். வால்வுன்னா தண்ணி திரும்பாம தடுக்குற மதகு. வால்வு பேர் எதுவும் இன்னிக்கு வேண்டாம். சீட்டைத் திருப்பி வச்சிட்டு அவனையே வரையச் சொன்னேன். அப்புறம் இடது பக்கம். மறுபடி வரைஞ்சான். கடைசியா ரெண்டையும் சேர்த்தான்.

12/ வகுப்புல இது பத்து நிமிஷம் பாடம், மூணு நிமிஷம் நோட்டை மூடிட்டு எழுதுறது, மறுபடி பத்து நிமிஷம். கேள்வி கேட்டா உடனே அடுத்த பையனுக்குத் தாவாம 3 நொடி காத்திருங்க. 1970கள்ல மேரி பட் ரோன்னு ஒரு ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவு பண்ணிப் பார்த்தாங்க. ஆசிரியர்கள் சராசரியா ஒரு நொடிதான் காத்திருந்தாங்க. அதை 3 நொடி ஆக்கினதும் பதிலும் நீளமாச்சு, பேசாத பசங்களும் பேச ஆரம்பிச்சாங்க.

13/ வால்வு பேர் மறுநாள். ஆனா அதுக்கு முன்னாடி நேத்து வரைஞ்ச படத்தை நோட்டு பார்க்காம வரையணும். அடுத்த வாரம் ஒருதடவை, அடுத்த மாசம் ஒருதடவை. ஏழு நாள் மாத்திரையை ஒரே வேளையில முழுங்கச் சொல்லுவோமா? ஆனா ஆறு மாசப் பாடத்தை மார்ச்ல ஸ்பெஷல் கிளாஸ் வச்சு ஊத்துறோம்.

14/ நேர்மையா ஒண்ணு சொல்லணும். மூளைக்குள்ள மூணு பெட்டி எதுவும் கிடையாது, இது ஒரு மாதிரி மட்டும்தான். நடுக் கட்டம் இதைவிடச் சிக்கல்னு 1974லயே பேட்லி, ஹிட்ச் காட்டிட்டாங்க. "24 மணி நேரத்துல 70% மறந்துடும்"னு வர்ற வாட்ஸ்அப் பார்வேர்டையும் நம்பாதீங்க. எபிங்ஹாஸ் 1885ல வெளியிட்டது, அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணிப் பார்த்த கணக்கு. அர்த்தம் உள்ள பாடம் அவ்வளவு வேகமா போகாது. பையனுக்குத் தண்ணிப் பாதை நின்னதுக்கும் அதுதான் காரணம்.

15/ "இப்படி நடத்தினா போர்ஷன் முடியாது சார்"னு ஆசிரியர்கள் சொல்வீங்க. தெரியும். இன்ஸ்பெக்ஷன் வர்றவங்க எத்தனை பாடம் முடிஞ்சதுன்னு கேட்டா நீங்க ஓடத்தான் செய்வீங்க. என் கோபம் உங்க மேல மட்டும் இல்ல. வர்ற அதிகாரிகள் நோட்டை விட்டுட்டு, போன மாசப் பாடத்துலேர்ந்து ஒரு கேள்வியைப் பசங்ககிட்ட கேட்கட்டும். எது முடிஞ்சது, எது கடலுக்குப் போச்சுன்னு அப்போ தெரியும்.

16/ அந்த அம்மா கடைசியில, "அப்போ டானிக்கு?"ன்னாங்க. இல்லம்மா, பையன் நல்லா இருக்கான்னு சீட்டுல எழுதிக் குடுத்தேன். அந்த வரியை அவன் ரெண்டு தடவை படிச்சான். போகும்போது தலை நிமிர்ந்திருந்துச்சு.