ஒன்பது அடி ஹோலுக்கு சீலிங் தேவையா?



கற்பிட்டி முதல் பாலாவி வரை இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஹோலில் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சுற்றி ஜிப்சம் பலகையில் ஒரு பெட்டி, அதற்குள் ஒளிந்திருக்கும் ஸ்ட்ரிப் லைட், மேலே மஞ்சள் வெளிச்சம். இதைக் கோவ் லைட் என்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகு எந்த உயரத்து அறையில் நிற்கும், எதில் நிற்காது என்பதை யாரும் சொல்வதில்லை. சென்ற மாதம் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி வந்ததால் எழுதுகிறோம்.

மச்சானின் மகளுக்கு நிக்காஹ் நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டு ஹோலில் இரண்டு தட்டு சீலிங் இருக்கிறது. "நம்ம ஹோல் மட்டும் வெறும் ஸ்லெப்பா இருந்தா பிள்ளைக்கு குறைவா இருக்கும்" என்று மச்சிக்குக் கவலை. கையில் காசு இல்லை. இரண்டு காப்பை அடகு வைத்து சீலிங் அடிப்பது என்று முடிவு. பாஸ் வந்து அளந்து கணக்கும் கொடுத்துவிட்டார். முற்பணம் கொடுக்கும் முன் மச்சான் எங்களிடம் வந்தார். வீட்டில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள், எதையும் எழுதிப் பார்த்துத்தான் பழக்கம். டேப்பையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போனோம்.

முதலில் உயரம். மச்சான் ஒன்பதரை அடி என்றார். பிளானில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பிறகு நிலத்தைக் கொஞ்சம் உயர்த்தி டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், ஸ்லெப்புக்கும் அடியில் பூச்சு ஏறியிருக்கிறது. டைல்ஸிலிருந்து ஸ்லெப்பின் அடிப்பக்கம் வரை நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்தோம். ஒரு மூலையில் 9 அடி 1 அங்குலம், நடுவில் 9 அடி, கடல் பக்க மூலையில் 8 அடி 11 அங்குலம். கணக்குக்கு எடுக்க வேண்டியது இந்தக் கடைசி அளவைத்தான். சீலிங் மட்டமாக வர வேண்டும், ஆகவே மிகத் தாழ்ந்த மூலையிலிருந்துதான் இறக்கத் தொடங்குவார்கள். பிளானில் உள்ள ஒன்பதரை அடி நிஜத்தில் ஏழு அங்குலம் குறைந்துவிட்டது.

அடுத்தது, சீலிங் எவ்வளவு உயரத்தைத் தின்னும் என்பது. பாஸின் திட்டம் இரண்டு தட்டு. தகரச் சட்டமும் பலகையும் சேர்த்து நடுப்பகுதி நான்கு அங்குலம் இறங்கும். சுற்றியுள்ள கரை அதிலிருந்து இன்னும் ஆறு அங்குலம் இறங்கும், ஏனென்றால் லைட்டுக்குப் பெட்டி வேண்டும். மொத்தம் பத்து அங்குலம். 8 அடி 11 அங்குலத்தில் பத்தைக் கழித்தால் கரை 8 அடி 1 அங்குலத்தில் நிற்கும், நடு 8 அடி 7 அங்குலத்தில் நிற்கும்.

"பெட்டியைக் கொஞ்சம் மெல்லிசா அடிக்கலாம் சேர், மூணு அங்குலம் போதும்" என்றார் பாஸ். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கோவ் லைட்டின் அழகு, வெளிச்சம் மேலே பட்டு மெல்லப் பரவுவதில்தான் இருக்கிறது. ஸ்ட்ரிப்புக்கும் மேல்தட்டுக்கும் இடையில் ஆறு, எட்டு அங்குலமாவது இருந்தால்தான் அது பரவும். மூன்று அங்குலத்தில் அடித்தால் ஓரத்தில் கண்ணைக் குத்தும் ஒரு கோடும், நடுவில் இருட்டும்தான் மிஞ்சும். மேல்தட்டு பளபளக்கும் பிளாஸ்டிக் பெனலாக இருந்தால் இன்னும் மோசம், ஸ்ட்ரிப்பின் ஒவ்வொரு புள்ளியும் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும். ஆகவே உயரம் குறைந்த அறையில் இதற்கு நடுவழி கிடையாது. பெட்டியை ஆழமாக வைத்தால் தலைக்கு மேல் இடம் போகும். மெல்லிசாக வைத்தால் வெளிச்சம் கெடும்.

மூன்றாவது ஃபேன். எங்கள் கரையில் ஃபேன் இல்லாத ஹோலைப் பற்றிப் பேச முடியாது. ஸ்லெப்பிலிருந்து ஒரு அடி கீழே இறக்கை சுற்றுகிறது, நிலத்திலிருந்து 7 அடி 11 அங்குலம். நடுச் சீலிங் நான்கு அங்குலம் இறங்கினால் இறக்கைக்கு மேலே மிஞ்சுவது எட்டு அங்குலம். ஃபேன் மேலிருந்து காற்றை இழுத்துத்தான் கீழே தள்ளுகிறது. அந்த இடைவெளி குறையக் குறைய அதே வேகத்தில் சுற்றினாலும் காற்று குறையும். அதைச் சரிசெய்யக் கம்பியை நான்கு அங்குலம் நீட்டினால் இறக்கை 7 அடி 7 அங்குலத்துக்கு வந்துவிடும். ஏழடிக்கு மேல் இருந்தால் போதும் என்பது பொதுவான அளவு. ஆனால் கல்யாண வீட்டில் பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கும் தகப்பனை நினைத்துப் பாருங்கள். பிள்ளை கையைத் தூக்கினால் எட்டடியைத் தொடும்.

நான்காவது, எங்களை அதிகம் யோசிக்க வைத்தது, கடல் பக்கச் சுவரில் யன்னலுக்கு மேலே உள்ள காற்றுத் துவாரம். அதன் மேல் விளிம்பு 8 அடி 4 அங்குலத்தில் இருக்கிறது. கரை 8 அடி 1 அங்குலத்தில் வந்தால் துவாரத்தின் மேல் மூன்று அங்குலம் மூடிப்போகும். "பலகை வச்சு முழுசா மூடிரலாம் சேர்" என்றார் பாஸ். சூடான காற்று மேலேதான் சேரும், அது வெளியேறும் வழி அந்தத் துவாரம்தான். நிக்காஹ் அன்று அந்த ஹோலில் முப்பது நாற்பது பேர் பாய் விரித்து சஹன் சாப்பிடப் போகிறார்கள். அந்த வழியை அடைத்துவிட்டு ஃபேனின் காற்றையும் குறைத்தால் என்ன ஆகும்?

அளவு பார்க்க ஒரு ஆதாரம் சொல்கிறோம். இந்தியாவின் தேசியக் கட்டடக் குறியீடு மனிதர் புழங்கும் அறைக்குக் குறைந்த உயரம் 2.75 மீற்றர் என்கிறது, கிட்டத்தட்ட ஒன்பது அடி. ஏசி அறைக்கு மட்டும் 2.4 மீற்றர் வரை விடுகிறது. பக்கத்து நாட்டு அளவுதான், ஆனால் வெயிலும் புழுக்கமும் நமக்கும் அதேதான். மச்சானின் ஹோல் சீலிங் அடிக்கும் முன்பே அந்த ஒன்பதடிக்கு ஒரு அங்குலம் குறைவு. ஏசி போடும் யோசனையும் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நாம் அதிகம் தரையில் உட்காரும் மக்கள். பாயில் உட்கார்ந்தால் எட்டடி கூடத் தாழ்வாகத் தெரியாது. சீட் கூரை வீட்டில் சீலிங் அடிப்பது வேறு விஷயம். அங்கே பகல் சூடு நேரே தலையில் இறங்குகிறது, உயரமும் சரிவில் கிடைக்கிறது. அந்த வீட்டுக்குச் சாதாரணத் தட்டைச் சீலிங் செலவுக்குத் தகுந்த பலன் தரும். ஸ்லெப்புக்குக் கீழேயும் மாலைச் சூட்டைச் சீலிங் கொஞ்சம் தடுக்கும். ஆனால் அதற்காகக் காற்றை அடைப்பது சரியான கொடுக்கல் வாங்கல் இல்லை.

இவ்வளவு சொல்லியும் மச்சிக்கு மனம் வரவில்லை. எண்களைச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? அதனால் ஒரு வேலை செய்தோம். கரை வரப்போகும் உயரத்தில், சுவரிலிருந்து இரண்டடி உள்ளே, ஹோலைச் சுற்றி நூல் கட்டினோம். நூலுக்கும் சுவருக்கும் இடையில் பழைய கார்ட்போர்ட் பெட்டிகளை விரித்துக் கட்டித் தொங்கவிட்டோம். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும் என்றோம். இரண்டாம் நாள் மஃரிபுக்குப் பிறகு மச்சியே கூப்பிட்டுச் சொன்னார்: "கழட்டிருங்க. தலைல ஏதோ வச்ச மாதிரி இருக்கு." இந்த நூல் பரீட்சைக்குச் செலவே கிடையாது. சீலிங் அடிக்க நினைக்கும் எல்லோரும் முற்பணம் கொடுக்கும் முன் செய்து பாருங்கள்.

ஆனாலும் பிள்ளையின் கல்யாணத்துக்கு ஹோல் அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கு வழியும் இருக்கிறது. கோவ் லைட்டுக்குச் சீலிங் அவசியமே இல்லை. ஸ்லெப்பிலிருந்து எட்டு அங்குலம் கீழே, நான்கு அங்குல அகலத்தில், முன்பக்கம் இரண்டு அங்குலம் உயர்ந்த ஒரு பலகைத் தொட்டியைச் சுவரிலேயே அடித்து, அதற்குள் ஸ்ட்ரிப்பை வைத்தால் அதே வெளிச்சம் ஸ்லெப்பில் படும். வெளிச்சம் மேலே படும்போது ஸ்லெப் உயர்ந்ததுபோலவும் தெரியும். ஹோலின் இரண்டு பதினான்கு அடிச் சுவர்களில் மட்டும் அடித்தோம். காற்றுத் துவாரம் பன்னிரண்டு அடிச் சுவரில் இருப்பதால் அதைத் தொடவில்லை. ஃபேனும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பக்கத்திலிருந்து உரசிப் போகும் வெளிச்சம் பூச்சின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். இரவில் போனின் டோர்ச்சை ஸ்லெப்போடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தோம், கரணைத் தடம் எல்லாம் தெரிந்தது. வோல் புட்டி இரண்டு தரம் இழுத்து, பளபளப்பில்லாத வெள்ளை அடித்த பிறகுதான் சரியானது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை ஐந்து மீற்றருக்கு மேல் ஒரே தொடராக இழுத்தால் கடைசிப் பகுதி மங்கிவிடும். பதினான்கு அடி நான்கேகால் மீற்றர்தான் என்பதால் ஒவ்வொரு சுவருக்கும் தனி வயர் கொடுத்தோம். மீற்றருக்குப் பத்து வொட் ஸ்ட்ரிப், இரண்டு சுவருக்கும் சேர்த்து எண்பத்தைந்து வொட் அளவில் வருகிறது. தினமும் எரிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் படிக்கப் பழைய டியூப் லைட்டே போதும்.

ஸ்ட்ரிப்புக்குக் கரண்டை மாற்றிக்கொடுக்கும் பெட்டியை அலுமாரிக்கு மேல், கை எட்டும் இடத்தில் வைத்தோம். முதலில் பழுதாவது அதுதான். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அதைச் சீலிங்குக்குள் வைத்து மூடிவிட்டார்கள். ஒரு வருடத்தில் பாதி வெளிச்சம் நின்றது, பலகையை வெட்டித்தான் எடுத்தார்கள். வெட்டியபோது உள்ளே தகரச் சட்டத்தின் வெட்டு முனைகளிலும் ஆணிகளிலும் துரு ஏறியிருந்தது. உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் அது நடக்கத்தான் செய்யும். வெள்ளைப் பெயின்டில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் எழுந்தால் உள்ளே ஆணி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் கருத்து இதுதான். டைல்ஸிலிருந்து பத்தடிக்கு மேல் இருந்தால் இரண்டு தட்டு அடியுங்கள், அழகாக இருக்கும். ஒன்பதரைக்குப் பக்கத்தில் இருந்தால் நடு ஸ்லெப்பை அப்படியே விட்டு, துவாரம் இல்லாத சுவர்களில் மட்டும் ஒடுங்கிய கரை அடிக்கலாம். ஒன்பதும் அதற்குக் கீழும் என்றால் சுவர்த் தொட்டியோடு நிறுத்துங்கள்.

காப்பு இரண்டும் அடகுக்குப் போகவில்லை. நிக்காஹ் அன்று அவை மகளின் கையில் இருக்கும்.