பார்ட்டி பெயருக்குப் பின்னால் நிற்பது யார்?

காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் வேலைக்குப் போய்வந்த இருபது வருடங்களில், தோல் ஏற்றுமதி ஆபீஸ்களில் நான் அதிகம் கேட்ட பேச்சு ஒன்று உண்டு. "லிமிடெட் பார்ட்டி சார், பயமில்ல." பையர் ஜெர்மன்காரர் என்றால் அதே பேச்சு இன்னும் அழுத்தமாக வரும். "பேருக்குப் பின்னாடி GmbH போட்டிருக்கு பாருங்க, அங்கெல்லாம் சும்மா யாருக்கும் அதைக் கொடுக்க மாட்டாங்க." இந்த நாலு எழுத்தை நம்பி, எல்.சி. கேட்காமல், 90 நாள் டி.ஏ.வில் சரக்கு கப்பல் ஏறும். பையர் ஒரு கையெழுத்துப் போட்டதும் டாக்குமெண்ட் அவர் கைக்குப் போய்விடும். பணத்துக்கு நாம் நாள் எண்ணிக்கொண்டிருப்போம்.

இந்த நம்பிக்கை விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. GmbH என்பதன் பொருளே 'வரம்புக்குட்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்' என்பதுதான். கம்பெனி பட்ட கடனை அடைக்க உரிமையாளரின் வீட்டையோ வங்கிக் கணக்கையோ தொட முடியாது என்று, கடன் கொடுப்பவருக்கு முன்கூட்டியே சொல்லும் எச்சரிக்கை அது. 1855-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு கட்ட அனுமதித்தபோது, பெயரின் கடைசிச் சொல்லாக 'லிமிடெட்' என்று போட்டே தீரவேண்டும் என்று நிபந்தனை வைத்தது. சரக்கைக் கடனுக்குக் கொடுப்பவர் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த சொல் அது. அதையே நாம் நம்பகத்தின் முத்திரையாக வாசிக்கிறோம்.

இந்த விதியை அசைக்க முடியாதபடி நிலைநாட்டிய வழக்கு நம் தொழிலிலிருந்தே வந்தது. லண்டன் வொயிட்சேப்பலில் ஆரன் சாலமன் என்ற தோல் வியாபாரி, பூட்ஸ் தைத்து மொத்தமாக விற்றுவந்தார். 1892-இல் தன் தொழிலை ஒரு லிமிடெட் கம்பெனியாக மாற்றினார். அன்றைய சட்டப்படி ஏழு உறுப்பினர்கள் வேண்டும். மனைவி, மகள், நான்கு மகன்கள் ஆளுக்கு ஒரு பங்கு எடுத்தார்கள். சாலமன் கையில் 20,001 பங்குகள். தொழிலைக் கம்பெனிக்கு விற்ற விலையில் ஒரு பகுதியாக, 10,000 பவுண்டுக்குக் கடன் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டார். கம்பெனியின் சொத்தின்மேல் முதல் உரிமை தரும் பத்திரம் அது. அடுத்த வருடமே கம்பெனி விழுந்தது. இருந்த சொத்து பத்திரக் கடனுக்கே போதவில்லை. வெறும் இன்வாய்ஸை நம்பிச் சரக்கு கொடுத்தவர்களுக்கு ஏழாயிரம் பவுண்டுக்கு மேல் நின்றது.

'இந்தக் கம்பெனி சாலமனின் வேஷம்தான், அவரே கட்டட்டும்' என்று கீழே இரண்டு நீதிமன்றங்கள் சொல்லின. 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. கம்பெனி வேறு, சாலமன் வேறு. கம்பெனியின் கடன் அவருடைய கடன் அல்ல. அந்தப் பூட்ஸ் கடைக்குக் கடனுக்குக் கொடுத்தவர்களின் இடத்தில்தான் இன்று ராணிப்பேட்டையும் பேரணாம்பட்டும் நிற்கின்றன.

சரி, GmbH பெயரை அங்கே சும்மா கொடுப்பதில்லை என்கிறார்களே, எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச மூலதனம் 25,000 யூரோ. பணமாகப் போடுவதென்றால், பதிவுக்கு முன் அதில் பாதியை, 12,500 யூரோவைக் கட்டினால் போதும். அந்தப் பணம் எங்கும் பூட்டிவைக்கப்படுவதில்லை. கடை வாடகைக்கும் சம்பளத்துக்கும் செலவழிக்கலாம், நஷ்டத்தில் கரையலாம். 2008 நவம்பரில் ஜெர்மனி இதற்கு ஒரு தம்பியையும் கொண்டுவந்தது. UG என்று முடியும் கம்பெனியை ஒரே ஒரு யூரோ மூலதனத்தில் தொடங்கலாம். இத்தாலியில் S.r.l. என்றால் வழக்கமாக 10,000 யூரோ, S.r.l.s. என்று கடைசியில் இன்னொரு எழுத்து சேர்ந்தால் அங்கேயும் ஒரு யூரோ போதும். இங்கிலாந்தின் லிமிடெட் கம்பெனிக்கு ஒரு பவுண்டு.

நான் டாக்குமெண்ட் பார்த்த ஒரு கோப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. 48,000 யூரோவுக்குப் பசுத்தோல் கிரஸ்ட், 90 நாள் டி.ஏ., GmbH பையர். எண்பதாவது நாள் வாக்கில் ஒரு ஜெர்மன் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. நீதிமன்றம் அவரைத் திவால் நிர்வாகியாக நியமித்திருக்கிறது, உங்கள் பாக்கியை இந்தத் தேதிக்குள் பட்டியலில் பதிவுசெய்யுங்கள் என்று. பதிவுசெய்தோம். சில வருடங்கள் கழித்து வந்தது 1,440 யூரோ, நூற்றுக்கு மூன்று. பையருக்குச் சொந்த வீடு இருந்தது, கார் இருந்தது, அவர் மனைவி பெயரில் இன்னொரு வியாபாரமும் நடந்தது. அதில் எதையும் கேட்க எங்களுக்கு வழியில்லை. 'பணம் முழுவதும் வரும்வரை சரக்கு எங்களுடையது' என்று ஒரு வரியை ஆர்டரிலேயே ஒப்புக்கொள்ள வைத்திருந்தால், கோடவுனில் வெட்டாமல் கிடந்த தோலையாவது திரும்பக் கேட்டிருக்கலாம். அந்த வரியை யாரும் எழுதவில்லை.

இந்தப் பக்கம் நம் முதலாளியின் நிலை என்ன? அவருடையது பார்ட்னர்ஷிப். 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பங்குதாரரும் ஃபர்மின் முழுக் கடனுக்கும் பொறுப்பு. பச்சைத்தோல் கொடுத்தவர், கெமிக்கல் கடைக்காரர், வங்கி என்று எல்லோருக்கும் அவருடைய ஆம்பூர் வீடு வரை கணக்கில் உண்டு. வரம்பில்லாத பொறுப்பைத் தலையில் சுமந்திருப்பவர், 25,000 யூரோவோடு பொறுப்பு முடிந்த ஒருவருக்கு மூன்று மாதக் கடன் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, பெயரைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இதே நம்பிக்கைக்கு மறுபக்கமும் உண்டு. e.K. என்று முடியும் ஆர்டர் வந்தால் 'தனி ஆள் கடை' என்று ஒதுக்குவார்கள். அது பதிவுபெற்ற தனி வணிகர் என்பதன் சுருக்கம். அவருடைய வியாபாரக் கடனுக்கு அவர் சொத்து முழுவதும் பிணை. அது பெட்டிக்கடையாகத்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஜெர்மனி முழுக்க ஆயிரக்கணக்கில் கிளைகள் வைத்திருந்த ஷ்லெக்கர் கடைச் சங்கிலி, ஆன்டன் ஷ்லெக்கர் e.K. என்ற ஒரே மனிதரின் பெயரில்தான் கடைசிவரை நடந்தது. 2012 ஜனவரியில் அது திவாலானபோது அவருடைய சொந்தச் சொத்தும் கடன்காரர்களின் கணக்கில் சேர்ந்தது. திவாலுக்கு முன்பு சொத்தைக் குடும்பத்துக்கு நகர்த்தியதற்காக 2017-இல் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. கடன்காரர்களுக்கு முழுப்பணம் கிடைத்துவிடவில்லை. வரம்பில்லாத பொறுப்பாக இருந்தாலும், கொடுக்க ஏதாவது இருந்தால்தானே கிடைக்கும்? ஆனால் அந்த மனிதரிடம் போய்க் கேட்கச் சட்டம் வழி விட்டிருந்தது.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். 'ராபர்ட் போஷும் GmbH தானே, அவர்கள் பணம் தரமாட்டார்களா?' தருவார்கள். அதற்குக் காரணம் போஷின் சொத்து, எழுத்துகள் அல்ல. மாபெரும் போஷும், நேற்று 12,500 யூரோ கட்டிப் பதிந்த மூன்று பேர் கம்பெனியும் ஒரே நாலு எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்பதே அந்த எழுத்துகள் பருமனைச் சொல்வதில்லை என்பதற்குச் சாட்சி. கேட்டால் யார் பதில் சொல்லவேண்டும் என்பதை மட்டுமே அவை சொல்லும்.

அதையும் கவனமாகப் படிக்கவேண்டும். KG என்று முடிந்தால் அது கூட்டு வணிகம். குறைந்தது ஒருவர் முழுப் பொறுப்பு ஏற்றிருப்பார், மற்றவர்கள் பதிவேட்டில் எழுதிய தொகையோடு நிற்பார்கள். அதே பெயர் GmbH & Co. KG என்றால், முழுப் பொறுப்பு ஏற்கும் அந்த 'ஒருவர்' மனிதரே அல்ல, இன்னொரு GmbH. வரம்பில்லாத பொறுப்பை வரம்புள்ள ஒன்றின் தலையில் வைத்திருக்கிறார்கள். இத்தாலிக்காரரின் S.a.s. என்றால் ஒரு பங்குதாரராவது சொந்தச் சொத்தோடு பொறுப்பாளி. பிரான்ஸ்காரரின் SAS என்றால் போட்ட பங்குக்கு மேல் யாரும் பொறுப்பில்லை. மூன்றே எழுத்து ஒன்றுபோல இருக்கும். எந்த நாடு என்று பார்க்காவிட்டால் அர்த்தம் நேர்மாறாகிவிடும்.

ஜெர்மன் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் கீழே பொடி எழுத்தில் நீதிமன்றத்தின் பெயரும் ஒரு எண்ணும் இருக்கும். இருக்கவேண்டும் என்பது சட்டம். HRB என்றால் GmbH போன்ற கம்பெனிகள், HRA என்றால் தனி வணிகர்களும் கூட்டு வணிகங்களும். அந்த எண்ணை handelsregister.de தளத்தில் போட்டால் மூலதனம் எவ்வளவு, நிர்வாகி யார் என்று தெரியும். 2022 ஆகஸ்டிலிருந்து அதற்குக் கட்டணம் கிடையாது. ஐந்தொகை கிடைத்தால் சொத்துப் பக்கத்தின் கடைசியைப் பாருங்கள். அங்கே Fehlbetrag என்று முடியும் ஒரு வரியும் தொகையும் இருந்தால், கணக்குப்படி மூலதனம் முழுவதும் தின்று தீர்க்கப்பட்டு, அதற்கு மேலும் குழி விழுந்திருக்கிறது என்று பொருள். ஐந்தொகை ஒரு வருடம் பழையதாக இருக்கலாம், அதையும் மனதில் வையுங்கள்.

பிராண்ட் பெயர் ஒன்றாக இருந்தாலும், அதன் கீழ் மூன்று நான்கு கம்பெனிகள் இருக்கும். ஆர்டரில் கையெழுத்துப் போட்டது எதுவோ அதுதான் நமக்குக் கடனாளி. ஈ.சி.ஜி.சி.யும் குறிப்பிட்ட ஒரு பையருக்குத்தான் வரம்பு அனுமதிக்கிறது. நீங்கள் காப்பீடு வாங்கியது ஹோல்டிங் கம்பெனியின் பெயரில், இன்வாய்ஸ் போட்டது அதன் விற்பனைக் கம்பெனியின் பெயரில் என்றால், கிளெய்ம் கேட்கும் நாளில் அந்த வித்தியாசம் உங்கள் தலையில் விழும்.

கடைசியாக ஒன்று. சிறிய GmbH ஒன்று தன் ஊர் வங்கியில் கடன் கேட்டால், அந்த வங்கி சாதாரணமாகக் கேட்பது உரிமையாளரின் சொந்த ஜாமீன் கையெழுத்து. கம்பெனியின் பெயருக்குப் பின்னாலுள்ள எழுத்துகள் என்ன சொல்கின்றன என்று அவர்களுக்குத் தெரியும். தோல் அனுப்பும் முதலாளிகளே, நீங்களும் கேளுங்கள். ஜாமீன் தரமாட்டேன் என்று அவர் சொன்னால் எல்.சி. கேளுங்கள், அல்லது முன்பணம் கேளுங்கள். மூன்றும் இல்லையென்றால் அந்தக் கன்டெய்னரை ஏற்றாதீர்கள்.